மொய் நோட்டு வாசலில் இருக்கிறது
(டயாலிசிஸ் நோயாளிகளுக்கான இரண்டாவது வேனுக்கு நிதி திரட்ட, கும்பகோணம் கல்யாண மண்டபம் ஒன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

வாசல்ல பன்னீர் தெளிச்சாங்க, சந்தனம் குடுத்தாங்க. உள்ளே வந்து பார்த்தா மாப்பிள்ளையும் இல்லை, பொண்ணும் இல்லை, நான் நிக்கறேன். மன்னிக்கணும். மொய் மட்டும் உண்டு.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: ரிட்டயர் ஆகற வரைக்கும் பேங்க்ல கடன் வசூல்ல இருந்தேன். தெரிஞ்சவங்க இப்பவே கதவுப் பக்கம் பார்க்கறாங்க. உட்காருங்க. அப்போ வாங்கின காசைத் திருப்பிக் கேட்டேன். இப்போ வாங்காத காசைக் கேக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

கிட்னி ஒவ்வொண்ணும் கைமுட்டி அளவுதான். ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது. சம்பளம் கேக்காது, லீவு போடாது. பதிலுக்கு நாம என்ன செய்யறோம்? சுகர் டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் ஒழுக்கமா இருக்கோம். நானும் அந்தக் கட்சிதான். மூணு மாச சராசரியைக் காட்டற டெஸ்ட் வந்ததுலேர்ந்து அந்த வித்தையும் பலிக்கறதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கிட்னியைக் கெடுக்கறதுல முதல் ரெண்டு ஆளுங்க. இந்த ஹால்ல அந்த ரெண்டு பேரையும் வீட்ல வச்சிருக்காதவங்க குறைச்சல்.

கிட்னி நின்னு போனா டயாலிசிஸ். வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மகாமகத்துக்கு 12 வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்; இவங்க வருஷத்துக்கு 156 தடவை கும்பகோணம் வரணும். வந்தாலும் ஒரு முழு டிகிரி காபி குடிக்க முடியாது. தண்ணி, காபி, ரசம் எல்லாம் அளந்துதான். இளநீர் கூடாது, பொட்டாசியம். மெஷின்ல படுக்கறதுக்கு முன்னாடி எடை பார்ப்பாங்க, எவ்வளவு தண்ணி ஏறியிருக்குன்னு தெரிஞ்சுக்க. எங்க வேன்ல வர்ற ஒரு அம்மா சொல்வாங்க: "எங்க வீட்ல சம்பந்தி வந்துட்டுப் போனா எனக்கு ரெண்டு கிலோ கூடிடும் தம்பி, வாய் ஓயாம காபி குடுத்தா வேணாம்னு எப்படிச் சொல்றது?" வேனே சிரிக்கும். அவங்க சிரிக்கற அளவுக்கு நான் சிரிக்க வைக்க முடியாது.

மெஷின், மருந்துச் செலவெல்லாம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல போயிடுது. பெரிய விஷயம். ஆனா அந்த அட்டையை ஆட்டோக்காரர்கிட்ட நீட்ட முடியாது. திருப்பனந்தாள் பக்கத்துலேர்ந்து போக வர 500 ரூபாய் கேக்கறார். அவர் மேலயும் தப்பில்லை, டீசல் விலை அப்படி. வாரம் 1,500. வருஷத்துக்கு 78,000. கூட வர்றவங்களோட கூலியும் அன்னைக்குப் போச்சு.

அந்தப் பக்கத்து தையல்காரர் ஒருத்தர், 46 வயசு. தீபாவளிக்கு முந்தின வாரம் கையில காசு இல்லை, ஒரு தடவை விட்டுட்டார். அடுத்த தடவையும் விட்டார். வெளியே போகாத தண்ணி நுரையீரல்ல ஏறும், பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். ராத்திரி மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்துட்டார். சிகிச்சை அவருக்கு இலவசமாத்தான் இருந்தது. ரெண்டு தடவை வந்து போற காசு 1,000 ரூபாய்.

இப்போ ஓடற வேன்ல இடமில்லை. 20 பேர் காத்திருக்காங்க. ரெண்டாவது வேனை ஒரு குடும்பம் வாங்கிக் குடுத்துட்டாங்க, பேர் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. அதை ஓட்டணும். டீசல், டிரைவர் சம்பளம், ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு 100 ரூபாய் ஆகுது. மாசம் 1,300, வருஷம் 15,600. 20 பேருக்கு ஒரு வருஷத்துக்கு 3,12,000. இன்னைக்கு எனக்கு வேண்டியது அந்தத் தொகை.

1,300-ஐ 1,301-ஆ எழுதறவங்க எழுதலாம், சம்பிரதாயத்தை நான் மாத்தலை. ஆனா ஒண்ணு. சாதாரணமா மொய் எழுதினா உங்க வீட்டு விசேஷத்துல திரும்பி வரும். இந்த மொய்யை நாங்க உங்க வீட்டுக்குத் திருப்பிச் செய்யற நிலைமை வரவே கூடாதுன்னு வேண்டிக்கறேன்.

வாசல் மேஜையில நோட்டு இருக்கு, யூபிஐ அட்டையும் இருக்கு. 2,000-க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிச் சலுகை கிடைக்காது, செக்காவோ யூபிஐயிலோ குடுங்க, ரசீது இங்கேயே தர்றோம். ஒரு வருஷம் முழுக்க ஒருத்தரை ஏத்துக்கறவங்க எங்க செயலாளர்கிட்ட சொல்லுங்க. நீல சேலை, கையில பேனாவோட நிக்கறாங்க. அந்தப் பேனாவை மட்டும் தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க. சாப்பாடு மாடியில. கையெழுத்துப் போட்டுட்டு ஏறினா பந்தியில இடம் சீக்கிரம் கிடைக்கும்னு சமையல்காரர்கிட்ட பேசி வச்சிருக்கேன்.