தீர்ப்புச் சுருக்கம்: முன்னாள் படைவீரர் பிள்ளைகள் ஒதுக்கீடு, உச்ச நீதிமன்றம், 2004

ஒடிசாவில் 2003ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வு எழுதி, முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் கேட்ட மாணவி ஒருவரின் வழக்கு இது. அவரது தந்தை நிரந்தர ஊனத்தால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர். மாவட்டப் படைவீரர் வாரியத்தின் சான்றிதழில் பிழை. அதனால் கலந்தாய்வில் இடம் மறுக்கப்பட்டது. திருத்திய சான்றிதழும் ஏற்கப்படவில்லை. உயர் நீதிமன்றமும் மனுவைத் தள்ளுபடி செய்தது.

உச்ச நீதிமன்றம் இரண்டைப் பிரித்துப் பார்த்தது. தகுதி விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியன்றே இருந்தாக வேண்டும், இதில் தளர்வில்லை. சான்றிதழ் அந்தத் தகுதிக்கு ஆதாரம் மட்டுமே. அதைத் தாக்கல் செய்வது நடைமுறை சார்ந்தது, சூழலைப் பார்த்துத் தளர்த்தலாம். இந்த வழக்கின் உயிர்நாடி இதுதான்.

மாணவிக்குத் தகுதி முன்பே இருந்தது, பிழை வாரியத்துடையது. அவரைவிடக் குறைந்த தரவரிசைக்காரர்களுக்கு இடம் கிடைத்திருந்தது என்பது வேதனையானது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, சேர்க்கை தர உத்தரவு.