இணைப்பு ‘ஆ’: மாடுலர் கிச்சன் தொடர்பான நிகழ்வுகளின் தேதிவாரிப் பட்டியல்

(திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் தாக்கல் செய்யப்படும் முறையீட்டுடன் சேர்த்து வாசிக்க. தரப்பினரின் பெயர், முகவரி முறையீட்டின் முதல் பக்கத்தில் உள்ளன.)

இந்தப் பட்டியல் 17 ஸ்கிரீன்ஷாட்டுகளிலிருந்து தொகுக்கப்பட்டது. படம் 1 முதல் 15 வரை என் கைபேசியில் எடுத்தவை. 16, 17 என் மனைவியின் கைபேசியில் எடுத்தவை. எதிர்தரப்பினரும் அவருடைய மேற்பார்வையாளரும் நாங்கள் இருவரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் நடந்த உரையாடல் இது. செய்திகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். பொருள் மாறாமல் எழுத்துத் தமிழில் தந்திருக்கிறேன். மூலச் சொற்களைப் படத்தில் காணலாம்.

சில படங்களின் மேல் பகுதியில் தேதிக்குப் பதிலாக ‘இன்று’, ‘நேற்று’ அல்லது கிழமை மட்டும் இருக்கிறது. அந்த இடங்களில் தேதியை எப்படி உறுதி செய்தேன் என்பதை அந்தந்தப் பதிவிலேயே எழுதியுள்ளேன்.

10.02.2025, திங்கள் (படம் 1, 2). எதிர்தரப்பினர் விலைப்புள்ளியை பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினார். மொத்தம் ரூ.2,40,000. அடிப்பெட்டிகளுக்கு ‘ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட்’ என்றும், முன்பணம் முழுவதும் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களில் வேலை முடியும் என்றும் அதில் உள்ளது. விலை அதிகமாக இருக்கிறதே என்று கேட்டேன். “மரைன் போடுவதால்தான் இந்த விலை, சிங்க் அடியில் தண்ணீர் பட்டாலும் கவலையில்லை” என்று பதில் வந்தது. முறையீட்டின் அடிப்படையே இந்த ஒரு வரிதான்.

14.02.2025, 15.02.2025 (படம் 3). முன்பணம் ரூ.1,20,000. என் வங்கிச் செயலியில் ஒரு நாளுக்கு ஒரு லட்சம்தான் வரம்பு என்பதால் முதல் நாள் ரூ.1,00,000, மறுநாள் ரூ.20,000 என இரண்டு தவணையாக அனுப்பினேன். படத்தில் ‘நேற்று’ என்று மட்டும் உள்ளது. தேதிகள் வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டவை (இணைப்பு ‘இ’). பணம் வந்துசேர்ந்ததாக எதிர்தரப்பினர் உறுதி செய்த செய்தியும் அதே படத்தில் இருக்கிறது. ரசீது கேட்டேன். “வேலை முடிந்ததும் ஒரே பில்லாகத் தருகிறோம்” என்றார். இன்றுவரை தரவில்லை. 45 நாள் கெடு 01.04.2025 அன்று முடிகிறது.

05.03.2025 (படம் 4). ஷட்டரின் லேமினேட் நிறத்தை மாற்றச் சொன்னவன் நான்தான். எதிர்தரப்பினர் தாமதத்துக்கு இதைக் காரணமாகச் சொல்லக்கூடும் என்பதால் இந்தப் படத்தையும் சேர்க்கிறேன். “இன்னும் வெட்டவில்லை, இதனால் தாமதம் ஆகாது” என்பது அன்று அவர் தந்த பதில்.

28.03.2025 முதல் 11.04.2025 வரை (படம் 5, 6). மார்ச் 28 அன்று கேட்டபோது ஏப்ரல் 10 என்றார். ஏப்ரல் 11 அன்று கேட்டபோது சித்திரை பிறந்ததும் ஆள் வருவார்கள் என்றார்.

23.04.2025, 24.04.2025 (படம் 7). வேலை தொடங்கியது. மறுநாள் இரண்டாம் தவணை ரூ.80,000 செலுத்தினேன். இதுவரை செலுத்தியது ரூ.2,00,000.

26.04.2025, சனி (படம் 8, 9, 16, 17). இந்த நாளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாலை சிங்க் அடிப்பெட்டியைத் துடைக்கும்போது பலகையின் பின்புறம் லேமினேட் ஒட்டாத மூலையில் அச்சிட்ட முத்திரை தெரிந்தது: ஐ.எஸ். 303, எம்.ஆர். இது பொதுப் பயன்பாட்டுக்கான ப்ளைவுட்டின் தரக்குறியீடு, எம்.ஆர். என்பது ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும் வகை. விலைப்புள்ளியில் உள்ள ஐ.எஸ். 710 என்பது கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டப்படும் மரைன் வகை. இரண்டும் வெவ்வேறு தரநிலைகள், வெவ்வேறு விலைகள்.

மாலை 6.42: முத்திரையின் புகைப்படத்தைக் குழுவில் அனுப்பினேன் (படம் 8).

மாலை 7.09: மேற்பார்வையாளரின் செய்தி: “710 கையிருப்பு இல்லை சார், அதனால்தான் இதைப் போட்டோம். முதலாளியிடம் சொல்லிவிட்டேன்” (படம் 16).

இரவு 7.31: எதிர்தரப்பினரின் செய்தி: “எல்லாம் மரைன்தான், முத்திரை மாறி விழுந்திருக்கும்” (படம் 9).

என் கைபேசியில் எடுத்த படம் 9இல் 7.09 செய்தி இருந்த இடத்தில் அது நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. நீக்கப்படுவதற்கு முன்பே என் மனைவி அதைப் படம் எடுத்துவிட்டார். படம் 16இல் ‘இன்று’ என்றுதான் உள்ளது. அதன் கோப்புப் பெயர் `Screenshot_20250426-191508`, அதாவது 26.04.2025 அன்று மாலை 7.15. படம் 17 அதே கோப்பின் விவரப் பக்கம். படம் 9, படம் 16 இரண்டிலும் அனுப்பியவர், நேரம், முன்னும் பின்னும் உள்ள செய்திகள் ஒன்றோடொன்று பொருந்துவதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். செய்தியை நீக்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை.

02.05.2025 (படம் 10). “மே 12 அன்று ஆள் அனுப்பி அடிப்பெட்டிகளை மாற்றித் தருகிறோம்” என்று எதிர்தரப்பினர் எழுதினார். முத்திரை மாறி விழுந்த மரைன் பலகையை எதற்காக மாற்ற வேண்டும் என்பதை அவர்தான் விளக்க வேண்டும். மே 12 அன்று யாரும் வரவில்லை.

இதன் பிறகு மூன்று வாரங்கள் குழுவில் செய்தி எதுவும் இல்லை. தொலைபேசியில் பேசினோம். அழைப்புப் பட்டியல் இருக்கிறது. பேசிய விஷயத்துக்கு ஆதாரம் இல்லாததால் இங்கே எழுதவில்லை.

03.06.2025, செவ்வாய் (படம் 11, 12). சிங்க் அடியில் பலகை ஊதி, இடதுபுற ஷட்டர் மூட மறுத்தது. பலகையின் அடுக்குகள் விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்திருப்பதைப் புகைப்படத்தில் காணலாம். படம் 11இல் கிழமை மட்டுமே உள்ளது. புகைப்படக் கோப்பின் விவரத்தில் தேதி இருக்கிறது.

09.06.2025 (படம் 13). பலகையை மாற்றித் தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். “தண்ணீர் பட்டால் எந்தப் பலகையும் ஊதத்தான் செய்யும்” என்று பதில். படம் 2இல் இதே நபர் எழுதியதைப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டுகிறேன்.

20.06.2025 (படம் 14). “மீதி ரூ.40,000 கொடுத்தால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.”

27.06.2025 (படம் 15). எதிர்தரப்பினரின் எண்ணுக்குத் தனியாக அனுப்பிய என் கடைசிச் செய்தியில் ஒற்றை டிக் மட்டுமே உள்ளது. என் எண்ணை அவர் தடுத்துவிட்டாரா, கைபேசி அணைந்திருந்ததா என்பதை இந்தப் படத்தைக் கொண்டு சொல்ல முடியாது.

ஸ்கிரீன்ஷாட் அல்லாத ஆவணங்கள் (இணைப்பு ‘ஈ’). 04.07.2025: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு. 18.07.2025: நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை என்று குறிப்பிட்டுப் புகார் முடித்து வைக்கப்பட்டது. 25.07.2025: 15 நாள் அவகாசம் தந்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு. 28.07.2025: எதிர்தரப்பினர் பெற்றுக்கொண்டதற்கான அட்டை. அவகாசம் 12.08.2025 அன்று முடிந்தது, பதில் வரவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டுகள் எதிலும் வெட்டுதல், வட்டமிடுதல், வண்ணம் தீட்டுதல் செய்யவில்லை. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்த கோப்பு குறுந்தகட்டில் உள்ளது. எனக்குச் சாதகமில்லாத செய்திகளும் அதில் அப்படியே இருக்கின்றன. பாரதிய சாக்‌ஷிய அதினியம், 2023, பிரிவு 63இன் கீழான சான்றிதழ் இரண்டு கைபேசிகளுக்கும் தனித்தனியாக இணைப்பு ‘உ’வில் உள்ளது. இரண்டு கைபேசிகளையும் ஆணையம் கேட்கும் நாளில் நேரில் காட்டத் தயாராக இருக்கிறோம்.

திருச்சிராப்பள்ளி
18.08.2025
(ஒப்பம்) முறையீட்டாளர்