இணையவழிச் சேர்க்கை: இருப்பதும் வேண்டியதும் – இடைவெளி ஆய்வு

நிர்வாகக் குழுவின் டிசம்பர் கூட்டத்துக்காக, பள்ளி அலுவலகம், கோத்தகிரி

குழு கேட்டது

வரும் ஏப்ரல் முதல் எல்.கே.ஜி. முதல் ஒன்பதாம் வகுப்பு வரை விண்ணப்பம், சான்றிதழ், கட்டணம், சேர்க்கை முடிவு எல்லாம் இணையத்திலேயே நடக்க வேண்டும். விண்ணப்பம் வாங்க கீழ்க்கோத்தகிரியிலிருந்தும் சோலூர்மட்டத்திலிருந்தும் பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரக்கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் மென்பொருள் வாங்கினால் வேலை முடிந்துவிடும் என்று கூட்டத்தில் பேசப்பட்டதை அலுவலகம் ஏற்கவில்லை.

பெரிய இடைவெளி: விதிகள் எழுத்தில் இல்லை

இப்போது விண்ணப்பங்கள் ஒரு நீளப் பதிவேட்டில் ஏறுகின்றன. பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் சில குறிகள் இருக்கும். ஒரு டிக் என்றால் அண்ணனோ அக்காவோ இங்கே படிக்கிறார்கள். 'எ' என்றால் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை. வட்டம் போட்டிருந்தால் தாளாளர் பார்க்க வேண்டும். இந்தக் குறிகளில் எது முந்தும் என்பது எங்கள் கிளார்க் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். முன்னுரிமை வரிசை எழுத்தில் இல்லாத வரை எந்த மென்பொருளும் காத்திருப்போர் பட்டியலைச் சரியாகத் தராது. இதற்குப் பணம் வேண்டாம், குழு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

படிவமும் சட்டமும்

காகிதப் படிவத்தை அப்படியே இணையத்தில் ஏற்றினால் சிக்கல். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் யாராவது வந்தால் இப்போது "அப்புறம் கொண்டு வாங்க" என்கிறோம். இணையப் படிவத்தில் அந்த இடத்துக்குக் கட்டாயக் குறி போட்டால், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கல்வி உரிமைச் சட்டம் 2009, வயதுச் சான்று இல்லை என்பதற்காகக் குழந்தையைச் சேர்க்காமல் விடக்கூடாது என்கிறது, டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. ஆகவே இந்த இரண்டு இடங்களிலும் 'பின்னர் தருகிறேன்' என்ற தேர்வு இருக்க வேண்டும்.

ஆதார் நகலை இப்போது எல்லோரிடமும் வாங்கி வைத்திருக்கிறோம். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. படிவத்திலிருந்து அதை எடுத்துவிடலாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வாசகம் நம்மிடம் இல்லை. தமிழில் எழுத வேண்டும். சேராத பிள்ளைகளின் ஆவணங்களை எப்போது அழிப்பது என்பதும் முடிவாகவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு அரசின் இணையதளமே வழி, அதை நம் படிவத்தோடு கலக்க வேண்டாம்.

பெயர்கள்

பழைய மாணவர் பட்டியல் பாமினி எழுத்துருவில் எக்ஸெலில் இருக்கிறது. புதிய தளத்தில் ஒட்டிப் பார்த்தால் 'அருள்' என்ற பெயர் `mUs;` என்று விழுகிறது. யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். கோடை விடுமுறைக்குள் முடியும் வேலை. விற்பனையாளர் காட்டிய மாதிரிப் படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. இங்கே இனிஷியல்தான் உண்டு. பெயர், இனிஷியல் என்று இரண்டு கட்டம் போதும்.

சிக்னலும் மின்சாரமும்

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். எஸ்டேட் லைன்களில் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் படிவம் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். போட்டோவைத் தளமே சுருக்கிக்கொள்ள வேண்டும். முந்தி வந்தவருக்கு இடம் என்ற முறை வேண்டவே வேண்டாம், அது டவுனில் இருப்பவர்களுக்குத்தான் சாதகம். கடைசித் தேதி வரை வந்த எல்லாவற்றையும் சமமாகப் பார்க்கலாம். மழைக் காலத்தில் கரன்ட் போனால் அலுவலகமும் நின்றுவிடுகிறது, யு.பி.எஸ். பேட்டரி மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது.

கட்டணத்தில் பெரிய இடைவெளி இல்லை. யு.பி.ஐ. பழகிவிட்டார்கள், ரசீது தானாக வந்தால் சரி.

அலுவலகத்தின் பரிந்துரை

வரும் ஏப்ரலில் விண்ணப்பமும் காத்திருப்பு எண்ணும் மட்டும் இணையத்தில் வரட்டும். அசல் சான்றிதழ் சரிபார்ப்பு, இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும் ஒரே நாளில் நேரில் நடக்கும். காகிதப் படிவம் கவுன்ட்டரில் தொடரும்; அதை அலுவலகமே அன்றைக்கே தளத்தில் ஏற்றும், இரண்டுக்கும் ஒரே வரிசை. முழுமையாக இணையத்துக்கு மாறுவதை அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

இந்தக் கூட்டத்தில் குழு முடிவு செய்ய வேண்டியவை மூன்று: முன்னுரிமை வரிசை, தரவை அழிக்கும் காலம், கிளார்க் அம்மா ஓய்வு பெறும் முன் அவரோடு சேர்ந்து வேலை பழக ஒருவரை ஜனவரியிலேயே நியமிப்பது. விற்பனையாளரின் விலைப்புள்ளியை இவற்றுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.