தங்கச்சியின் விசா மறுப்புக் கடிதம், தமிழில்

சித்தப்பா, சித்திக்கு,

பிரிட்டன் ஹோம் ஆஃபீஸிலிருந்து தங்கச்சிக்கு வந்த கடிதத்தைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் நான் சொல்வது.

முடிவு: நுழைவு அனுமதி மறுக்கப்படுகிறது. தேதி: 3 ஜூன் 2025

பிரிட்டனில் வசிக்கும் உங்கள் கணவருடன் சேர்ந்து வாழ, அவருடைய மனைவி என்ற முறையில் விண்ணப்பித்திருந்தீர்கள். குடியேற்ற விதிகளின் அப்பெண்டிக்ஸ் எஃப்எம் பகுதியின்படி அதைப் பரிசீலித்தேன்.

*உறவு.* உங்கள் திருமணம் உண்மையானது, தொடர்ந்து நீடிப்பது என்பதை ஏற்கிறேன்.

(சித்தி, இதை இன்னொரு தடவை படியுங்கள். கல்யாணத்தின் மேல் சந்தேகம் என்று சொந்தக்காரர்கள் யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.)

*ஆங்கிலத் தேர்வு, காசநோய்ச் சான்றிதழ்.* இரண்டும் ஏற்கப்பட்டன.

*வருமானம், விதி E-ECP.3.1.* உங்கள் கணவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டாக இருக்க வேண்டும். அவர் 31,200 பவுண்ட் சம்பாதிப்பதாகக் கூறியுள்ளீர்கள். ஆகஸ்ட் 2024 முதல் ஜனவரி 2025 வரை ஆறு சம்பளச் சீட்டுகளை அளித்துள்ளீர்கள். ஆனால் அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டுமே உள்ளது. ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளம் அவருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. மேலும், நிறுவனம் கொடுத்த கடிதத்தில் அவருடைய சம்பளத் தொகை இருக்கிறது. எவ்வளவு காலமாக அதே சம்பளம் வாங்குகிறார் என்பது இல்லை. எனவே வருமான நிபந்தனை நிறைவேறவில்லை.

(சம்பளம் போதாது என்று எங்கேயும் சொல்லவில்லை, அதற்குக் காகிதம் போதாது என்றுதான் சொல்கிறார்கள். மாப்பிள்ளை அக்டோபரில் பேங்க் மாற்றினார் அல்லவா, அந்த முதல் இரண்டு மாதச் சம்பளம் பழைய கணக்கில் கிடக்கிறது. வரிசையில் ஒன்றிரண்டு ஸ்டேட்மென்ட் விட்டுப்போனால் அதிகாரி கேட்டு வாங்கிக்கொள்ள விதியில் இடம் உண்டு, ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.)

*விதிவிலக்கான சூழ்நிலை.* இந்த மறுப்பால் உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ நியாயமற்ற கடும் பாதிப்பு ஏற்படும் என்று கருதக்கூடிய சூழ்நிலை எதுவும் தெரியவில்லை.

*மேல்முறையீடு.* இந்த முடிவு உங்கள் மனித உரிமையை, அதாவது குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை மீறுகிறது என்ற அடிப்படையில் நீங்கள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். இக்கடிதம் கிடைத்த 28 நாட்களுக்குள் செய்ய வேண்டும்.

(கடிதம் இங்கே முடிகிறது. அன்றைக்கே மின்னஞ்சலில் வந்துவிட்டதால் கடைசி நாள் ஜூலை 1.)

சரி, இனி என்ன செய்வது? வழி இரண்டு.

மேல்முறையீட்டுக்குக் கட்டணம் குறைவு: காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு சொல்ல 80 பவுண்ட், விசாரணை வைத்துக் கேட்க 140 பவுண்ட். வக்கீல் வைத்தால் அது தனி. விட்டுப்போன ஸ்டேட்மென்ட்டை அங்கே புதிதாகக் கொடுக்கலாம். வழக்கு போட்டதும் ஹோம் ஆஃபீஸே ஒருமுறை மறுபடி பார்ப்பார்கள், சில சமயம் அதிலேயே முடிவை மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆனால் மாற்றாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

புது விண்ணப்பம் என்றால் கட்டணம் 1,938 பவுண்ட், பழைய கட்டணம் திரும்பி வராது. மருத்துவச் சேவைக்காகக் கட்டிய 3,105 பவுண்ட் மட்டும் திரும்ப வரும், பணம் கட்டிய கார்டுக்கே வந்துவிடும். புதிதாகப் போடும்போது அதை மறுபடி கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால் புது விண்ணப்பம்தான். இப்போது கடைசி ஆறு மாதச் சம்பளமும் ஒரே பேங்க்கில் இருக்கிறது, ஓட்டை விழ இடமே இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். ஜனவரியில் எடுத்தது ஜூலையில் காலாவதியாகிவிடும், அதற்குள் போடாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். பணம் புரட்டுவது கஷ்டம் என்றால் மேல்முறையீடும் தப்பான வழி இல்லை, நீங்களும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள்.

எந்த வழியானாலும், “இந்த மறுப்பைக் காட்ட வேண்டாம்” என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். காகிதம் குறைந்ததற்காகத் தடை எதுவும் கிடையாது. மறைத்தது தெரிந்தால் அதற்காகவே விசாவை மறுக்கலாம், பல வகை விசாக்களுக்குப் பத்து வருடம்வரை தடையும் வரலாம்.

மாப்பிள்ளையிடம் இன்றைக்கே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பழைய பேங்க்கில் ஆகஸ்ட், செப்டம்பர் ஸ்டேட்மென்ட் வாங்க வேண்டும். அப்புறம் கம்பெனியில் புதுக் கடிதம்: வேலையில் சேர்ந்த தேதி, நிரந்தர வேலையா, ஆண்டுச் சம்பளம், அந்தச் சம்பளம் எந்த மாதத்திலிருந்து, இந்த நாலும் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.