ஓசூர் வேலை: ஷிப்ட், வெளியூர் பற்றி

வணக்கம் மேடம். ஓசூர் வேலைக்கு வர முடியுமா, நைட் ஷிப்ட், வெளியூர் எல்லாம் சரிப்படுமா என்று கேட்டீர்கள்; யோசித்துச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இதோ. திண்டுக்கல்லை விட்டு ஓசூர் வரச் சம்மதம், ஆனால் இங்கே நோட்டீஸ் முடித்து, வீட்டு அட்வான்ஸ் புரட்டி வர 30 நாளாவது வேண்டும். நைட் ஷிப்ட் மாதத்தில் 2 வாரம் பார்ப்பேன். தொடர்ந்து மாதக்கணக்கில் என்றால் முடியாது. போன வருடம் அப்படிப் பார்த்துத்தான் விடிகாலை 4 மணிக்கு சிஎன்சி மெஷினில் ஆஃப்செட்டை 0.5க்குப் பதில் 5 என்று அடித்து, டூலும் போய், ஓடிக்கொண்டிருந்த பீஸும் வீணானது. கோவை, புனே எங்கே அனுப்பினாலும் போவேன், ஒரு தடவைக்கு 5 நாள் வரை. அப்புறம், மாதத்தின் முதல் திங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை, அன்று லீவு வேண்டும்; பதிலுக்கு ஒரு ஞாயிறு வருகிறேன். இது சரிப்பட்டால் சொல்லுங்கள், இன்றே இங்கே பேப்பர் போட்டுவிடுகிறேன்.