சேடுகள்: சுருக்கலும் பகுதியெண்ணை விகிதமுறச் செய்தலும்
தரம் 11, மாலை வகுப்பு மீட்டல் தாள், யாழ்ப்பாணம்

பகுதி அ, ஆ, இ மூன்றும் எல்லோருக்கும். பகுதி ஈ, உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்க எண்ணியிருப்பவர்களுக்கு. கணிப்பான் வேண்டாம். செய்கையை ஒரு வரிக்கு ஒரு படியாக இறக்கி எழுதுங்கள். மூலக்குறியின் மேற்கோடு எந்த எண்ணோடு முடிகிறது என்பது தெளிவாகத் தெரியவேண்டும். 5ஐயும் √2ஐயும் பெருக்கும்போது √2 × 5 என்று விடாமல் 5√2 என்று எழுதுங்கள். அவசரத்தில் கோடு நீண்டு √(2 × 5) ஆகிவிட்டால் அடுத்த வரியில் √10 வந்து நிற்கும்.

அ. சுருக்கல்

உள்ளே இருக்கும் எண்ணில் மிகப் பெரிய நிறைவர்க்கக் காரணியைத் தேடுங்கள். 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100, 121, 144 என்ற வரிசை மனப்பாடமாக இருக்கவேண்டும்.

√72 = √(36 × 2) = 6√2

36 கண்ணில் படாமல் 9 பட்டாலும் குறையில்லை. √72 = √(9 × 8) = 3√8. ஆனால் இங்கே நிறுத்தினால் வேலை பாதிதான். 8க்குள் இன்னும் ஒரு 4 இருக்கிறது. 3√8 = 3 × 2√2 = 6√2. இந்தப் படியில் 3ஐயும் 2ஐயும் கூட்டி 5√2 என்று எழுதுபவர்கள் உண்டு. வெளியே வந்த 2, ஏற்கனவே வெளியே நிற்கும் 3ஐப் பெருக்கும்.

காரணி தெரியாத பெரிய எண்ணை முதன்மைக் காரணிகளாக உடையுங்கள்: 252 = 2 × 2 × 3 × 3 × 7. ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்று வெளியே வரும், தனித்தது உள்ளே இருக்கும்: √252 = 2 × 3 × √7 = 6√7. சரிபார்க்க, திரும்ப உள்ளே அனுப்புங்கள்: 36 × 7 = 252.

கூட்டல், கழித்தல் சுருக்கிய பின்னர்தான்:

√50 + √18 − √8 = 5√2 + 3√2 − 2√2 = 6√2

√(50 + 18 − 8) = √60 என்பது பிழை. ஐயம் வந்தால் √9 + √16ஐ எடுத்துப் பாருங்கள். அது 3 + 4 = 7. √25 என்றால் 5 மட்டுமே.

ஆ. பெருக்கல்: புள்ளிகள் அதிகம் போகும் இடம்

விதி ஒன்றுதான்: வெளியே உள்ளவை வெளியே உள்ளவற்றோடு, உள்ளே உள்ளவை உள்ளே உள்ளவற்றோடு.

2√3 × 5√6 = 10√18 = 10 × 3√2 = 30√2

இதில் 7√18 என்று வந்தால் குணகங்களைக் கூட்டியிருக்கிறீர்கள். 13√2 என்று வந்தால் பெருக்கல் சரி, சுருக்கும்போது 10ஐயும் 3ஐயும் கூட்டியிருக்கிறீர்கள்.

√3 × √3 = 3. இதை 9 என்று எழுதுபவர் √9க்கு மூலம் எடுக்க மறந்தவர். √6 என்று எழுதுபவர் உள்ளே கூட்டியவர்.

3 × √5 என்பது 3√5. √15 அன்று. 3ஐ உள்ளே கொண்டுபோனால் அது 9 ஆகத்தான் போகும்: √45.

(3√2)² = 9 × 2 = 18. வெளியே உள்ள 3ஐ வர்க்கிக்காமல் விட்டால் 6 வரும். √2 இன் வர்க்கத்தை 4 என்று கொண்டால் 36 வரும். இரண்டு பிழைகளும் கொப்பிகளில் அடிக்கடி காணப்படுபவை. 3√2 × 3√2 என்று விரித்து எழுதினால் இரண்டும் வராது.

(√5 + √2)² = 5 + 2√10 + 2 = 7 + 2√10. நடு உறுப்பை விட்டு 7 என்று மட்டும் எழுதக்கூடாது. (a + b)² விரிவு சேடுக்கும் அப்படியே பொருந்தும்.

பெரிய எண்களை முதலில் சுருக்கிக்கொண்டு பெருக்குங்கள். √12 × √27 = 2√3 × 3√3 = 6 × 3 = 18. 6√3 என்று முடித்தால் ஒரு √3 காணாமற் போயிருக்கிறது.

இ. பகுதியெண்ணில் ஓர் உறுப்பு

1/√2ஐக் கையால் கணிக்க 1ஐ 1.414ஆல் நெடுவகுத்தல் செய்யவேண்டும். √2/2 என்றால் 1.414இன் பாதி, 0.707. பெறுமானம் மாறவில்லை, √2/√2 என்ற 1ஆல்தான் பெருக்கினோம். ஆகவே மேலேயும் கீழேயும் பெருக்கவேண்டும். கீழே மட்டும் பெருக்கினால் அது வேறு எண்.

6/√3 = 6√3/3 = 2√3

5/√12 = 5/(2√3) = 5√3/(2 × 3) = 5√3/6

இரண்டாவதில் √12ஆலேயே பெருக்கினாலும் விடை வரும்: 5√12/12 = 10√3/12 = 5√3/6. பிழையில்லை, எண்கள்தான் பெரிதாகும். 2√3 முழுவதாலும் பெருக்கவேண்டிய தேவையும் இல்லை. 2 விகிதமுறு எண்தான்.

√6/2ஐ வெட்டி √3 ஆக்காதீர்கள். உள்ளே உள்ள 6உம் வெளியே உள்ள 2உம் வெட்டுப்படா. √6/√2 என்றால் மட்டுமே √3.

(4 + √3)/√3 = (4√3 + 3)/3. இங்கே 3ஐ 3ஆல் வெட்டி 4√3 என்றோ 4√3 + 1 என்றோ எழுதினால் பிழை. 3 மேலே உள்ள இரண்டு உறுப்புகளையும் வகுக்கவேண்டும்.

ஈ. பகுதியெண்ணில் இரண்டு உறுப்புகள்

நடுவில் உள்ள குறியை மட்டும் மாற்றிப் பெருக்குங்கள். (a − b)(a + b) = a² − b² என்பதால் மூலம் மறையும்.

4/(√7 − √3) = 4(√7 + √3)/(7 − 3) = √7 + √3

குறியை மாற்றாமல் √7 − √3ஆல் பெருக்கினால் கீழே 10 − 2√21 வரும், மூலம் போகாது.

14/(3√2 − 2) = 14(3√2 + 2)/(18 − 4) = 3√2 + 2. இங்கே 18க்குப் பதில் 6 எழுதுபவர், பகுதி ஆவில் (3√2)²ஐத் திரும்பச் செய்யவேண்டும்.

பயிற்சி

1. சுருக்குக: √98, √180, 3√75
2. √75 − √48 + √12
3. √6 × √15
4. 2√10 × 3√5
5. (2√7)²
6. (√3 + √5)²
7. 10/√5
8. 9/(2√6)
9. (6 + √2)/√2
10. சதுர வடிவான மரக்கறித் தோட்டம் ஒன்றின் பரப்பளவு 50 ச.மீ. √8 மீ அகலமான படலைக்கு இடம்விட்டு, மீதிச் சுற்று முழுவதும் கிடுகு வேலி அடைக்கவேண்டும். வேலியின் நீளத்தை எளிய சேடாகத் தருக. √2 = 1.414 எனக் கொண்டு மீற்றரிலும் காண்க.
11. 6/(3 + √3)
12. 1/(2√3 − √11)
13. 1/(√2 − 1) − 1/(√2 + 1)

விடைகள்

1. 7√2, 6√5, 15√3 (8√3 வந்தால் 3ஐயும் 5ஐயும் கூட்டியிருக்கிறீர்கள்)
2. 3√3
3. 3√10
4. 30√2
5. 28
6. 8 + 2√15
7. 2√5
8. 3√6/4
9. 3√2 + 1
10. பக்கம் 5√2, சுற்றளவு 20√2, படலை 2√2; வேலி 18√2 மீ = 25.452 மீ. 1.414ஐக் கடைசி வரியில் மட்டும் பிரதியிடுங்கள்.
11. 3 − √3
12. 2√3 + √11 (பகுதியெண் 12 − 11 = 1)
13. 2. கழித்தல் குறிக்குப் பின் அடைப்பு இட்டு (√2 + 1) − (√2 − 1) என எழுதவேண்டும். அடைப்பு இல்லாவிட்டால் 0 வரும்.