முழுநேரக் கிளை நூலகம்: திறப்பு நேரமும் மேசைப் பணி ஒதுக்கீடும்

சுற்றறிக்கை
நாள்: 14.07.2025
பெறுநர்: பணியாளர்கள் அனைவரும்

மாவட்ட நூலக அலுவலரின் ஒப்புதலின் பேரில், கீழ்க்காணும் நேரமும் பணி முறையும் 19.07.2025 சனிக்கிழமை முதல் நடைமுறைக்கு வரும்.

திறந்திருக்கும் நேரம்

திங்கள் முதல் வியாழன் வரை: காலை 8 முதல் இரவு 8 வரை.
சனி, ஞாயிறு: காலை 8 முதல் மாலை 6 வரை.
விடுமுறை: வெள்ளிக்கிழமை, இரண்டாம் சனிக்கிழமை, அரசு விடுமுறை நாட்கள்.

கதவு 8 மணிக்குத் திறக்கிறது என்றால் அந்த நேரத்தில் நாளிதழ்கள் மேசையில் இருக்க வேண்டும். 7.45-க்கு வருபவர் முதலில் ஒவ்வொரு நாளிதழிலும் இணைப்பிதழ் உட்பட முத்திரை இடவும். முத்திரை இல்லாமல் வெளியே வைத்த வேலைவாய்ப்பு இணைப்பு பத்து மணிக்குள் காணாமல் போகிறது.

ஏன் இந்த மாற்றம்

ஜூன் 9 முதல் 22 வரை, நூலகம் திறந்திருந்த 11 நாட்களில், வந்தவர்களையும் மேசையில் நடந்த வேலையையும் மணிவாரியாகத் தனித்தனியே குறித்தோம். வாரநாட்களில் காலை 8 முதல் 10 வரை சராசரியாக 52 பேர் வந்தனர். இரவல், திருப்பம், புதுப்பித்தல் எல்லாம் சேர்ந்து ஆறு. மாலை 5 முதல் 7 வரை வந்தவர்கள் 47. மேசை வேலை 61. வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் இரண்டு நேரமும் ஒன்றுபோல் தெரியும். இதுவரை காலைக்கு இருவர், மாலைக்கு இருவர் என்று பிரித்தது அதனால்தான். அந்தப் பிரிவில் நால்வரும் ஒன்றாக இருந்த நேரம் பகல் 12.15 முதல் 3.45 வரை, நூலகமே வெறிச்சோடிக் கிடக்கும் நேரம் அது.

மேசைப் பணிக்கு நாம் நால்வர்: நூலகர், மூன்றாம் நிலை நூலகர் இருவர், நூலக உதவியாளர். அரை மணி உணவு இடைவேளை போக ஒருவருக்கு நாளுக்கு ஏழரை மணி, வாரம் ஆறு நாள். மொத்தம் 180 மணி. நூலகம் வாரத்தில் 68 மணி திறந்திருக்கிறது. ஒரு மணிக்கு 2.65 பேர். ஒருவர் விடுப்பில் போனால் 1.99, இரண்டைத் தொடவில்லை. எல்லா நேரமும் எல்லா மேசையும் என்று நினைக்க இடமில்லை.

வாரநாள் பணி முறை

காலை (ஒருவர்): 7.45 – 3.45
இடை (ஒருவர்): 10.30 – 6.30
மாலை (இருவர்): 12.15 – 8.15
தூய்மைப் பணியாளர்: 7.30 – 10.30

தூய்மைப் பணியாளர் கிளம்பும்போது இடைமுறைக்காரர் வந்துவிடுவதால் காலையில் எவரும் தனியாக இல்லை. இடைமுறைக்காரர் பத்து நிமிடம் தாமதித்தாலும் தொலைபேசியில் சொல்லிவிடவும். அதுவரை தூய்மைப் பணியாளர் காத்திருப்பார்.

காலை 8 முதல் 10 வரை மேசை சும்மா இருக்கிறது என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். முந்தைய நாள் மாலை திரும்பிய நூல்களை அடுக்க வேண்டிய நேரம் அது. அடுக்காமல் விட்டால் கணினியில் ‘உள்ளது’ என்று காட்டும் நூல் அலமாரியில் இருக்காது. வாசகர் தேடி அலைவார், நாமும் அலைவோம். 10.30-க்குள் திருப்ப வண்டி காலியாக வேண்டும்.

உறுப்பினர் சேர்க்கை காலை 11 முதல் மாலை 4 வரை மட்டும். ஒரு சேர்க்கைக்குப் பத்து நிமிடம் பிடிக்கிறது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் 4.30 மணிக்கு அதைத் தொடங்கினால் வரிசை வாசல் வரை நீளும். அலுவலகம் செல்வோருக்காக சனி, ஞாயிறு காலை 9 முதல் 5 வரை சேர்க்கை உண்டு.

உணவு: காலைமுறை 1.00, இடைமுறை 1.30, மாலைமுறை ஒருவர் 3.00, மற்றவர் 3.30. நான்கு மணிக்கு மேல் இடைவேளை கிடையாது. தேநீர் மேசைக்கே வரும்.

மாலை

4 முதல் 6.30 வரை மூவர்: இரவல் மேசையில் இருவர், சிறுவர் பிரிவில் ஒருவர். 6.30-க்கு மேல் பிள்ளைகள் போய்விடுவார்கள். மேல்தளத்தில் சொந்த நூல் கொண்டுவந்து படிக்கும் போட்டித் தேர்வு மாணவர்கள்தான் மீதி. அப்போது ஒருவர் இரவல் மேசை, ஒருவர் மேல்தளம். வருகைப் பதிவேட்டை இரவல் மேசைக்கு எதிரே நகர்த்தியாயிற்று. அதற்கென்று தனி ஆள் தேவையில்லை.

இரவல் 7.30 வரை, திருப்பம் 7.45 வரை. மணி 7.45-க்கு ஒருமுறை, 7.55-க்கு ஒருமுறை. முதல் மணிக்குப் பின் மின்விசிறிகளை வரிசை வரிசையாக நிறுத்தவும், விளக்கை அல்ல. விளக்கை அணைத்தால் சண்டை; விசிறி நின்றால் தாமே எழுந்துவிடுகிறார்கள்.

மேல்தளம், கழிவறை பார்த்த பிறகே பூட்டு. பூட்டும்போது இருவரும் இருக்க வேண்டும், ஒருவரை விட்டு மற்றவர் முன்னதாகக் கிளம்பக் கூடாது. பேருந்து காரணமாக முறை மாற்றிக்கொள்வோர் முந்தைய நாளே பணிப் பதிவேட்டில் இருவர் கையொப்பத்துடன் எழுதவும்.

சனி, ஞாயிறு

அந்த வாரம் காலை, இடை முறையில் இருப்போர் 7.45 – 3.45. மாலைமுறை இருவர் 10.15 – 6.15. குடும்பத்தோடு வருபவர்கள் 10-க்கும் 1-க்கும் இடையில் குவிகிறார்கள், 10.15-க்கு மேல் நால்வரும் இருப்போம். உணவு 1.15 முதல், ஒருவர் பின் ஒருவராக. வாசகர் வட்டத்தினர் சிறுவர் பிரிவில் கதை சொல்ல உதவுவார்கள், ஆனால் இரவல் பதிவும் பணமும் பணியாளர் கையில்தான்.

தேர்வாணையத் தொகுதித் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் மட்டும் சனி, ஞாயிறும் வாசிப்புக் கூடம் இரவு 8 வரை. அப்போது மாலைமுறை இருவரும் 12.15 – 8.15, முற்பகல் கூட்டத்தை இருவரே சமாளிக்க வேண்டியிருக்கும், தெரிந்தேதான் ஏற்கிறோம்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வழங்கும் நூலுக்கு 14 நாள் தவணை அடுத்த மாத இரண்டாம் சனியில் விழும். அன்று மூடியிருப்பதால் தவணைத் தேதியாக ஞாயிறையே முத்திரையிடவும். இரண்டு நாள் மூடலுக்குப் பின் வரும் அந்த ஞாயிறு திருப்பம் அதிகம். விடுப்பு கேட்பதைத் தவிர்க்கவும்.

சுழற்சி

காலை, இடை, மாலை, மாலை என்று வாரம் ஒரு படி. சுழற்சி சனிக்கிழமை தொடங்கும். இடையில் வெள்ளி இருப்பதால் இரவு 8.15-க்குப் பூட்டியவர் மறுநாள் காலை 7.45-க்குத் திறக்கும் நிலை வராது. நூலகரும் சுழற்சியில் உண்டு. 19-ஆம் தேதி வாரம்: காலை மூத்த மூன்றாம் நிலை நூலகர், இடை நூலகர், மாலை மற்ற இருவர்.

பணம் கைமாறும் நேரம் வாரநாளில் 3.30, வார இறுதியில் 3.15. ரசீதுப் புத்தகத்தின் கடைசி எண், பெட்டியில் உள்ள தொகை இரண்டையும் எழுதி இருவரும் கையொப்பமிடவும். எண்ணாமல் ஒப்படைத்தால் இரவு இடிக்கும் தொகை யாருடையது என்று சொல்ல வழியில்லை.

ஆள் குறையும்போது

ஒருவர் விடுப்பு: இடைமுறை காலி. சேர்க்கை அன்று இல்லை, தூய்மைப் பணியாளர் 12.15 வரை இருப்பார்.
இருவர் விடுப்பு: காலை ஒருவர், மாலை ஒருவர். மாவட்ட மைய நூலகத்திடம் மாற்றுப் பணியாளர் கேட்கப்படும். கிடைக்காவிட்டால் மேல்தளம் 3.45-க்குப் பூட்டப்படும், இரவல் 6.30-க்கு முடியும், நாளிதழ் கூடம் மட்டும் 8 வரை. பூட்டும் நேரத்துக்குத் தூய்மைப் பணியாளர் வருவார். காலை 8 மணிக்கே வாசலில் அறிவிப்பு எழுதவும்.

மின்தடை, கணினிக் கோளாறு என்றால் இரவலையும் திருப்பத்தையும் கைப்பதிவேட்டில் உறுப்பினர் எண், நூல் எண்ணுடன் எழுதி, அன்றே மாலைமுறைக்காரர் கணினியில் ஏற்றவும்.

இம்முறை அக்டோபர் 16 வரை. அதன்பின் மீண்டும் இரண்டு வாரம் மணிவாரிக் கணக்கு எடுத்துத் திருத்துவோம். ஆட்சேபம் இருப்பவர்கள் 17.07.2025-க்குள் எழுத்தில் தரவும்.

நூலகர்